வெள்ளி மாலை மெயில்

எங்கள் குழுவில் 18 பேர். வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் போடும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் டைம்ஷீட் போட வேண்டும், திங்கள் காலை நான் ஒப்புதல் தர வேண்டும். மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் இன்வாய்ஸ் தயாராகும். ஒருவர் போடாவிட்டால் அவருடைய மணிநேரம் அந்த மாத பில்லில் விடுபட்டுவிடும்.

பொறுப்புக்கு வந்த புதிதில் வெள்ளி மாலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் மெயில் அனுப்புவேன். "பலமுறை சொல்லியும் சிலர் இன்னும் டைம்ஷீட் போடவில்லை" என்று தொடங்கும். கீழே போடாதவர்களின் பெயர்ப் பட்டியல். சிசியில் என் மேனேஜர்.

ஒரு திங்களன்று குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் என் இடத்துக்கு வந்தார். "சார், லிஸ்ட்ல என் பேரும் இருந்தது. போன வாரம்தான் ப்ராஜெக்ட் மாத்தினாங்க. புது ப்ராஜெக்ட் கோடு என் ஸ்கிரீன்ல வரவே இல்லை, எதுல போடுறது?" என்றார். குரல் உடைந்திருந்தது.

பட்டியலில் இருந்த மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். இன்னொருவருக்கும் அதே கோடு பிரச்சினை. ஒருவர் புதன்கிழமையிலிருந்தே லீவு. மறந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக, ஒழுங்காகப் போட்ட 14 பேரும் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் நினைவூட்டலை வியாழன் மதியம் மூன்று மணிக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் யாரும் தவறியிருக்க முடியாது. அதனால் குற்றம் சொல்லும் தொனி வரவே இடமில்லை. கோடு சேர்க்க ஒரு நாள் அவகாசமும் கிடைக்கிறது. போன மாதக் கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம். திங்கள் மதியம் இன்வாய்ஸ் போகிறது. அதனால் நாளை 4 மணிக்குள் டைம்ஷீட் போட்டுவிடுங்கள். போட்டு முடித்தவர்களுக்கு நன்றி, நீங்கள் இதை விட்டுவிடலாம். ப்ராஜெக்ட் கோடு வரவில்லை என்றால் இன்றே எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சேர்க்கச் சொல்கிறேன். நாளை லீவில் இருப்பவர்கள் இன்றே போட்டுவிட்டால் நல்லது. லிங்க் கீழே."

"பலமுறை", "இன்னும்" இரண்டையும் எடுத்துவிட்டேன். "சிலர்" என்ற சொல்லையும்தான். அதைப் படித்ததும் யார் அந்தச் சிலர் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளி நாலு மணிக்கு மேல் யாராவது விட்டிருந்தால் பொதுவில் எழுதுவதில்லை. அவருக்கு மட்டும் சாட்டில் "கோடு ஏதும் சிக்கலா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதைப் பார்த்ததுமே போட்டுவிடுவார்கள்.

இதற்கும் அசையாத ஒருவர் இருந்தார், மூன்று வாரம் தொடர்ந்து டைம்ஷீட் போடவில்லை. பொது மெயிலை எவ்வளவு இதமாக எழுதினாலும் அவருக்குப் பயன்படாது என்று தெரிந்தது. உட்கார்ந்து பேசினேன். இரண்டு ப்ராஜெக்டில் மாறி மாறி வேலை செய்வதால், வெள்ளிக்கிழமை வரும்போது திங்கள் எதற்கு எத்தனை மணிநேரம் என்பதே அவருக்கு நினைவில்லை. இப்போது தினமும் கிளம்பும் முன் இரண்டு நிமிடத்தில் அன்றைய கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்.