உப்பு என்று சொன்னேன்

கயிற்றின் முறுக்கை இரண்டு கட்டைவிரல்களாலும் நெகிழ்த்தி உட்புறத்தைக் காட்டினான் அந்த ஏழாம் வகுப்புப் பையன். விரலில் மாவுபோல வெள்ளையாக ஒட்டியது. "டீச்சர், இது அப்பா கழித்துப்போட்டது" என்றான்.

"உப்புதானே, கழுவினால் போய்விடும்" என்றேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறியிருந்த ஏப்ரல் அது. விளையாட்டிடம் அமைப்பதற்காகப் பள்ளிக்குப் பின்னால் இருந்த சீமைக்கருவேலத்தைப் பிள்ளைகளும் நானுமாக வேரோடு தோண்டியிருந்தோம். வெட்டி மட்டும் விட்டால் ஒரே மழையில் துளிர்த்துவிடும். பாதி புதைத்த டயர்களில் மழைநீர் தேங்கிக் கொசு வராமலிருக்கத் துளை போட்டோம். சங்கிலி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று ஊஞ்சலுக்குக் கயிற்றைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இத்தனையும் யோசித்த எனக்கு அந்த வெள்ளை மாவு மட்டும் உப்பாகத் தெரிந்தது.

ஜூலையில் அறுந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு.

நான் சோதிக்காமல் விடவில்லை. கட்டிய அன்று முதலில் நானே உட்கார்ந்து ஆடினேன், தாங்கியது. ஆனால் மெதுவாகத்தான் ஆடினேன். வேகமாக வீசி ஆடும்போது, ஊஞ்சல் கீழே வரும் நொடியில், ஆளின் எடையைவிட அதிகமாகக் கயிறு இழுபடும். அறுந்த அன்று இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். மே மாத வெயில் முழுவதும் கயிறு அங்கேயே தொங்கியதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அது நன்றாகவே இருந்திருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டால் இரவில் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

அறுந்த முனையைப் பையனின் அப்பாவிடம் காட்டினேன். பனஞ்சட்டத்தில் உரசிய இடத்தில்தான் போயிருந்தது. "நைலான் வெயிலில் செத்துவிடும் டீச்சர். இழுத்துப் பார்த்தால் தெரியாது. முறுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இழை பொடியாக உதிர்ந்தால் அதை நங்கூரத்துக்குக் கட்ட மாட்டோம்" என்றார். மகன் அதைத்தான் எனக்குச் செய்து காட்டியிருக்கிறான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

ஊஞ்சலுக்கு அடியில் முழங்கால் ஆழத்துக்குக் கடற்கரை மணல் கொட்டியிருந்தோம். ஆடுகிற கால்கள் மணலை ஒதுக்கிவிடும் என்பதால் வெள்ளிதோறும் இழுத்து நிரப்புவது வழக்கம். பள்ளி திறந்த பிறகு அதை நான் மறந்துவிட்டேன். அவள் விழுந்தது கெட்டித்தரையில். அறிக்கையில் "கயிறு அறுந்தது" என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

புதுக் கயிறு வந்த அன்று அவனைத்தான் பார்க்கச் சொன்னேன். முறுக்கைப் பிரித்துப் பார்த்து, சட்டத்தில் உரசும் இடத்துக்கு டியூப் துண்டு சுற்றினான். கழித்துப்போட்ட கயிறு என்று தெரிந்தும் அன்று ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டேன்.

"வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னீர்கள் டீச்சர்" என்றான்.