நன்றியுரையில் எனக்கு ஒரு பத்தி இருந்ததாம்

நம்ம வித்யாவின் லேப்டாப் நேற்று ராத்திரி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிலையில், இதற்கென்றே நாள் பார்த்துக் காத்திருந்த மாதிரி. திரை ஒரு முறை கண் சிமிட்டியது, அப்புறம் கறுப்பு. சார்ஜரைக் குத்தினால் ஓரத்தில் எரிய வேண்டிய குட்டி விளக்குகூட எரியவில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள், மறுபடி செருகினாள். ம்ஹூம்.

அழுதது நான்தான். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் பக்கத்து அறை சீனியர் அண்ணா ஸ்க்ரூடிரைவரோடு ஆஜர். யார் சொன்னது என்று தெரியாது, எங்கே எது செத்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "டிஸ்க்கைக் கழற்றி வேற மெஷின்ல மாட்டிடலாம்" என்றார். திறந்து பார்த்தால் கழற்ற ஒன்றும் இல்லை, இந்த மாடலில் எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. போர்டு போனால் டிஸ்க்கும் கூடவே உடன்கட்டை. அப்படியே கழற்ற முடிந்தாலும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறது, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அண்ணா முகம் வாடிப்போய் ஸ்க்ரூக்களைத் திருப்பி மாட்டினார். ஒன்று மிஞ்சியது.

வித்யா ஒன்றும் பேசாமல் என் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

இவளுக்கு ஒரு வியாதி உண்டு. தினமும் தூங்கப் போகும் முன் இந்த மூன்று வரியைத் தட்டாமல் விளக்கை அணைக்கமாட்டாள்:

```
git add -A
git commit -m "இன்றைய பாடு"
git push
```

அன்றைக்கு எழுதியதெல்லாம் இணையத்தில் ஒரு நகலாக ஏறிவிடும். இதுவாவது பரவாயில்லை, பலரும் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடக்கும் பாருங்கள். என் லேப்டாப்பில் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து, மொத்தத்தையும் `git clone` போட்டு இறக்கி, ஆய்வேட்டை முதலிலிருந்து பிடிஎஃப் ஆக்கிப் பார்ப்பாள். அதற்காகவே, எழுதியதை அச்சுப் பக்கமாக்கும் லேடெக் மென்பொருள் முழுசையும் என் மெஷினில் நிறுவி வைத்திருக்கிறாள். என் போட்டோக்களுக்கு இடமில்லாமல் போனது அந்தப் புண்ணியத்தில்தான். "அதான் மேலே ஏத்திட்டியே, அப்புறம் என்ன?" என்றால், "ஏத்தினது முக்கியமில்லடி, இறங்குதான்னு பார்க்கணும்" என்பாள்.

அந்தக் கூத்து ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் இது வந்தது:

```
! LaTeX Error: File `fig3' not found.
```

அவளுடைய வரைபடங்கள் எல்லாம் பிடிஎஃப் கோப்புகள். லேடெக் கக்கும் பிடிஎஃப்பை ஏற்ற வேண்டாம் என்று `.gitignore` கோப்பில் `*.pdf` என்று ஒரு வரி போட்டிருந்தாள். அது வரைபடங்களையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறது. சத்தமே இல்லை. தினமும் push வெற்றி வெற்றி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, அவள் மெஷினில் படங்கள் இருந்ததால் அங்கேயும் எல்லாம் ஒழுங்காக வந்தது. அன்றே கீழே `!figures/*.pdf` என்று ஒரு விலக்கு சேர்த்தாள். அன்றைக்கு அதைப் பிடிக்காமல் விட்டிருந்தால் நேற்று கையில் எழுத்து மட்டும் இருந்திருக்கும், படம் ஒன்றுகூட இருந்திருக்காது.

சரி, நேற்றைக்கு வருகிறேன். clone இறங்கியது. பிடிஎஃப் ஆக்க pdflatex ஓட்டினாள். மேற்கோள் வர வேண்டிய இடமெல்லாம் `[?]`, `[?]` என்று இளித்தது. "போச்சுடி, எல்லாம் போச்சு" என்று நான் கத்த, அண்ணா மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தேட, "கத்தாதே, முதல் ஓட்டத்துல அப்படித்தான் வரும்" என்று மேற்கோள்களைக் கோக்கும் bibtex ஒரு முறை, pdflatex இன்னும் இரண்டு முறை ஓட்டினாள். எண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வரைபடங்களும் வந்தன.

காணாமல் போனது ஒன்றே ஒன்று: நன்றியுரை. கடைசி push-க்கு அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து எழுதியது, மேலே ஏறவே இல்லை. நடுராத்திரிக்கு மேல் தூக்கக் கலக்கத்தில் திரும்ப எழுதினாள், காலையில் சமர்ப்பித்தும் விட்டாள்.

நான் இன்று மதியம்தான் படித்தேன். "அறைத்தோழிக்கும் நன்றி" என்று இருக்கிறது. பெயர்கூட இல்லை. கேட்டால், போன நன்றியுரையில் எனக்கு ஒரு முழுப் பத்தி இருந்ததாம், எழுதும்போது கண்ணில் தண்ணீரே வந்ததாம், இப்போது ஒரு வரியும் நினைவில் இல்லையாம். அண்ணாவுக்கு மட்டும் பெயர் போட்டு இரண்டு வரி, ஸ்க்ரூடிரைவர் உட்பட.

சர்வீஸ் சென்டரில் போர்டு அவுட் என்று சொல்லிவிட்டார்கள். வித்யா தலையாட்டிவிட்டு வாசலுக்கே போய்விட்டாள். உள்ளே இருப்பதை மீட்க எவ்வளவு ஆகும் என்று கவுண்டரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.