பான் ஷார்ப்பன் செய்த படத்தில் என்டிவிஐ எடுக்கலாமா? பண்ருட்டி முந்திரியை வைத்து ஒரு வைவா அனுபவம்

புதுச்சேரி, கடலூர் பக்கம் தொலையுணர்வு படிப்பவர்களின் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பெரும்பாலும் பிச்சாவரம் அலையாத்தி, பாகூர் நெல் வயல், பண்ருட்டி முந்திரி என்று சுற்றிச் சுற்றி வரும். படம் லேண்ட்சாட் 8, ஏனென்றால் இலவசம். 30 மீட்டர் பிக்சலில் தோப்பு எது, வரப்பு எது என்றே தெரியாது, அதனால் கறுப்பு-வெள்ளையாக வரும் 15 மீட்டர் பான் பட்டையின் நுணுக்கத்தை மற்றப் பட்டைகளில் ஏற்றி ஷார்ப்பன் செய்வார்கள், படம் பளிச்சென்று ஆகிவிடும், அப்புறம் அதே படத்தில், சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் தாவரச் செழிப்பைக் காட்டும் என்டிவிஐ குறியீடு, வகைப்படுத்தல் எல்லாம் போட்டு அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள். வெளித்தேர்வாளர் பிடிக்கும் இடமே இதுதான். என்னுடையது பண்ருட்டி முந்திரித் தோப்புகள். வைவாவுக்கு முன்னால் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருந்ததால் பிழைத்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டைகளின் எல்லை. லேண்ட்சாட் 8-இன் பான் பட்டை, அதாவது B8, ஏறக்குறைய 0.50-இலிருந்து 0.68 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும். பச்சையும் சிவப்பும் அதற்குள் அடங்கிவிடும், நீலம் ஓரத்தில் கொஞ்சம்தான் தொடும். அண்மை அகச்சிவப்பான B5 இருப்பது 0.85 முதல் 0.88 வரை, பானுக்கு அது தெரியவே தெரியாது. லேண்ட்சாட் 7-இல் பான் 0.52-இலிருந்து 0.90 வரை நீண்டிருந்தது, அகச்சிவப்பும் உள்ளே வந்தது. அந்தக் காலத்துப் பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு 8-இல் அதே வேலையைச் செய்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

சரி, இப்போது ஒரே ஒரு 30 மீட்டர் பிக்சலை எடுத்துக்கொள்வோம். பாதி முந்திரி, பாதி உழுது போட்ட செம்மண். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, ஆனால் இயல்புக்கு வெகு தூரமில்லை. முந்திரியின் எதிரொளிப்பு சிவப்பில் 0.05, அகச்சிவப்பில் 0.40. செம்மண்ணுக்குச் சிவப்பில் 0.20, அகச்சிவப்பில் 0.28. அப்படியென்றால் முந்திரியின் உண்மையான என்டிவிஐ 0.78, மண்ணுடையது 0.17. சென்சாருக்குக் கிடைப்பதோ இரண்டின் சராசரி: சிவப்பு 0.125, அகச்சிவப்பு 0.34, என்டிவிஐ 0.46. பான் பட்டையில் மட்டும் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது: முந்திரி 0.07, மண் 0.17, சராசரி 0.12.

பிரோவி முறையில் ஷார்ப்பன் செய்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பட்டையையும் பானுக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குகிறது. முந்திரிப் பக்கம் 0.07-ஐ 0.12-ஆல் வகுத்து வரும் 0.58, மண் பக்கம் 1.42. சிவப்பையும் அகச்சிவப்பையும் f என்ற ஒரே எண்ணால் பெருக்கினால் என்டிவிஐயின் மேலும் கீழும் அந்த எண் அடிபட்டுப் போகிறது:

```
(f*NIR - f*R) / (f*NIR + f*R) = (NIR - R) / (NIR + R)
```

இரண்டு பக்கமும் அதே 0.46. படம் 15 மீட்டர், என்டிவிஐ மட்டும் அசல் 30 மீட்டருடையதே, சின்னச் சின்னப் பிக்சலாக வெட்டி வைத்தது. பிரோவி செய்த படத்தில் என்டிவிஐ எடுத்து 'நுண்ணிய தாவர வரைபடம்' என்று தலைப்புப் போடுவதில் அர்த்தமே இல்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும். வைவாவில் போர்டில் எழுதிக் காட்டினேன், தேர்வாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

அடுத்தது ஐஎச்எஸ், கிராம்-ஷ்மிட் வகை. இவை பானில் கிடைக்கும் வித்தியாசத்தைப் பட்டைகளோடு கூட்டுகின்றன. எளிய ஐஎச்எஸ்ஸில் முந்திரிப் பக்கம் எல்லாப் பட்டையிலும் 0.05 குறையும், மண் பக்கம் 0.05 கூடும். சிவப்பு பரவாயில்லை: முந்திரி 0.075, மண் 0.175, உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அகச்சிவப்பைப் பாருங்கள்: முந்திரி 0.29, மண் 0.39. உண்மையில் முந்திரிதான் 0.40, மண் 0.28. அதாவது தலைகீழாகிவிட்டது. பானுக்கு இலை இருட்டு, அகச்சிவப்புக்கு இலை வெளிச்சம், இருட்டை இருட்டாகவே கொண்டுபோய் அகச்சிவப்பில் ஒட்டியதால் வந்த வினை. என்டிவிஐ முந்திரிக்கு 0.59, மண்ணுக்கு 0.38 என்று வரும். வரிசை சரியாக இருப்பதால் கண்ணுக்கு நம்பத்தகுந்ததாகவே தெரியும், அதுதான் ஆபத்து. 0.4-க்கு மேல் தாவரம் என்று வரம்பு வைத்திருந்தால் வெறும் மண்ணே கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டு நிற்கிறது. பச்சையம், உயிர்ப்பொருள் என்று அகச்சிவப்பின் மதிப்பையே நேரடியாகப் பயன்படுத்தும் கணக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

கிராம்-ஷ்மிட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் தனிப் பெருக்கெண் உண்டே, அது சரிசெய்யாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் சரிசெய்யும். ஆனால் அந்த எண் முழுப் படத்துக்கும் ஒன்றுதான். ஒரே படத்துக்குள் கடல், கெடிலம் மணல், நெய்வேலிச் சுரங்கம், முந்திரி, கரும்பு எல்லாம் கிடக்கின்றன. கடலையும் நிலத்தையும் ஒப்பிட்டால் பானும் அகச்சிவப்பும் சேர்ந்து ஏறி இறங்கும், தோப்பையும் மண்ணையும் ஒப்பிட்டால் எதிரெதிராக. முழுப் படத்துக்கும் சராசரியாக வந்த எண் தோப்பின் ஓரத்துக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. கடலை வெட்டிவிட்டுச் செய்தால் கொஞ்சம் மேல்.

இதைக் கண்டுபிடிக்கப் பலர் செய்யும் சோதனை: ஷார்ப்பன் செய்த படத்தைத் திரும்ப 30 மீட்டருக்குச் சராசரியாக்கி, அசலோடு கழித்துப் பார்ப்பது. வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் 'நிறமாலை காக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். நம்முடைய பிக்சலையே போட்டுப் பாருங்கள்: 0.29-உம் 0.39-உம் சராசரியாக 0.34, அசல் அப்படியே! தலைகீழான படமும் இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். செய்யவே கூடாது என்று சொல்லவில்லை, இதோடு நிறுத்திவிடக் கூடாது.

உருப்படியான சோதனை லூசியன் வால்ட் குழுவினர் 1997-இல் முன்வைத்த முறை. எல்லாவற்றையும் ஒரு படி மழுக்குங்கள்: பானை 30 மீட்டருக்கு, பல்பட்டைப் படத்தை 60 மீட்டருக்கு. மழுக்கியவற்றை வைத்து 30 மீட்டருக்கு ஷார்ப்பன் செய்யுங்கள். இப்போது ஒப்பிட உண்மையான 30 மீட்டர் B5 கையில் இருக்கிறது.

```
gdalwarp -tr 60 60 -r average B5.TIF B5_60.TIF
gdalwarp -tr 30 30 -r average B8.TIF B8_30.TIF
```

இரண்டாவது கட்டளையில் B5-இன் எல்லை எண்களையே -te-க்குப் பின்னால் கொடுங்கள். லேண்ட்சாட்டில் பான் கட்டமும் 30 மீட்டர் கட்டமும் மூலையில் 7.5 மீட்டர் விலகி நிற்கும், நான்கு பான் பிக்சல் ஒரு பெரிய பிக்சலுக்குள் கச்சிதமாக உட்காராது. (மேலே நான் அப்படி உட்கார்ந்ததாக வைத்துக்கொண்டது கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான்.) முடிவைப் பார்க்கும்போது முழுப் படத்துக்கும் ஒரே ஒட்டுறவு எண் எடுத்து நிறுத்தாமல், தோப்பின் ஓரத்துப் பிக்சல்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். எனக்குச் சிவப்பு பட்டை அழகாக ஒத்துப்போனது, B5-இல் ஓரங்களில் பிழை வரிசையாகக் கோடு போட்டது போல் தெரிந்தது. அந்தக் கழித்த படத்தை அப்படியே அறிக்கையில் வைத்தேன், வைவாவில் அதிகம் பேசப்பட்ட பக்கம் அதுதான்.

ஒரு சின்ன பொறி இன்னொன்று உண்டு. தரைமட்ட எதிரொளிப்பாக வரும் லெவல்-2 தொகுப்பில் பான் பட்டை வராது, அது லெவல்-1-இல் மட்டும்தான். லெவல்-2-இன் B5-ஐயும் லெவல்-1-இன் B8-ஐயும் சேர்த்துப் போட்டால் ஒன்று வளிமண்டலத் திருத்தம் செய்தது, மற்றது செய்யாதது. எண்ணை எதிரொளிப்பாக மாற்றும் பெருக்கெண்ணும் வேறு: கலெக்‌ஷன் 2-இல் லெவல்-2-க்கு 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும், லெவல்-1-க்கு 0.00002-ஆல் பெருக்கி 0.1 கழித்து, சூரியக் கோணத்துக்கும் திருத்த வேண்டும். கழிக்கும் எண் ஒன்று இருப்பதால், கச்சா எண்களையே வகுத்துப் பெருக்கினால் பிரோவியின் விகிதமும் தப்பு, அதிலிருந்து எடுக்கும் என்டிவிஐயும் தப்பு. மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தேர்வாளர் கடைசியாகக் கேட்டது: "ஏம்மா, இவ்வளவு குறை சொல்றீங்க, அப்புறம் எதுக்கு ஷார்ப்பன் பண்ணினீங்க?"

"எல்லை வரையத்தான் சார்," என்றேன். சிவப்பு, பச்சை, நீலமான B4, B3, B2 மூன்றையும் மட்டும் ஷார்ப்பன் செய்து, தோப்பின் எல்லையையும் நடுவில் போகும் வண்டிப்பாதையையும் கையால் டிஜிட்டைஸ் செய்தேன். கண்ணால் பார்த்து வரையும் வேலைக்கு அது அருமையான படம். மதிப்புகளை மட்டும் ஷார்ப்பன் செய்யாத அசல் பட்டையிலிருந்து எடுத்தேன், அதுவும் எல்லையிலிருந்து ஒரு பிக்சல் அகலம் உள்ளே தள்ளி, கலந்த பிக்சல் சேராதபடி.

"சின்ன தோப்புன்னா என்ன மிஞ்சும்?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு ஹெக்டேர் சதுரத் தோப்பின் பக்கம் 100 மீட்டர். இரு பக்கமும் 30 மீட்டர் தள்ளினால் மிஞ்சுவது 40 மீட்டர் சதுரம், அதில் முழுசாக ஒரு பிக்சல் உட்கார்ந்தால் பெரிய விஷயம். அதனால் ஒரு ஹெக்டேர் அளவுத் தோப்புகளுக்கு லேண்ட்சாட்டை விட்டுவிட்டு சென்டினல்-2-க்குப் போனேன். அதில் பான் பட்டையே கிடையாது, சிவப்பும் அகச்சிவப்பும் நேரடியாக 10 மீட்டரில் அளக்கப்படுகின்றன. 10 மீட்டர் உள்ளே தள்ளினாலும் 80 மீட்டர் சதுரம் மிஞ்சும், சுமார் 64 பிக்சல். 2015-க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும்தான் இது உதவும், அதற்கு முந்தைய வருடங்களுக்கு அசல் 30 மீட்டரையே வைத்துக்கொண்டு, இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த தோப்புகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று செய்முறை அத்தியாயத்தில் எழுதிவிட்டேன்.