நான்கு விவரமும் வேறு, பில் ஒன்றுதான்: இரட்டைப் பதிவைப் பிடித்த அனுபவம்

எங்கள் கணக்குப் பிரிவில் பில்களைக் காகிதமாக வாங்குவதில்லை. வெளியில் வேலை பார்ப்பவர்கள் போனில் படம் எடுத்து ஏற்றிவிடுவார்கள். மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து பில் எண், தேதி, சப்ளையர் பெயர், தொகை ஆகிய நான்கையும் எடுத்துத் தரும். நான் சரிபார்த்துப் பணத்துக்கு அனுப்புவேன். இதில் எனக்கு வந்த பெரிய தலைவலி, ஒரே பில் இரண்டு படங்களாக வந்து இரண்டு பில் போல நிற்பது. இரண்டாவது முறை பணம் போய்விட்டால் சப்ளையரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு இழுபறி என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பணியில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்த இரட்டைப் பதிவுகளில் பெரும்பாலானவை நல்ல எண்ணத்தில் வந்தவைதான். பொருளை வாங்கியவர் ஒரு படம் போடுவார். அதே பில் முத்திரையும் கையெழுத்துமாகக் கிடங்குக்குப் போகும், அங்கே இருப்பவரும் ஒரு படம் போடுவார். "முதல் படம் மங்கலா இருந்துச்சு மேடம், அதான் திரும்ப எடுத்துப் போட்டேன்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். மங்கலான பழைய படத்தை நீக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் படத்தைப் படத்தோடு ஒப்பிடும் வழியைத்தான் எங்கள் மென்பொருளில் வைத்திருந்தார்கள். கோப்பு ஒன்றின் உள்ளடக்கத்திலிருந்து SHA-256 போன்ற ஒரு கைரேகையைக் கணக்கிட்டு, அதே கைரேகை முன்பே இருந்தால் தடுக்கும். அதே கோப்பை இரண்டு முறை ஏற்றினால் இது சரியாகப் பிடித்துவிடும். ஆனால் ஒரே பில்லை இரண்டு முறை படம் எடுத்தால் அவை இரண்டு வேறு கோப்புகள். ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால்கூட அது மறுபடி சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். தோற்றத்தை வைத்து ஒப்பிடும் முறைகளும் உண்டு. அளவு குறைத்த, சுருக்கிய படங்களை அவை கண்டுகொள்ளும். ஆனால் ஒன்று மேசைமேல் நேராக, இன்னொன்று கையில் பிடித்துச் சாய்வாக என்று வந்தால் தடுமாறிவிடும். போதாக்குறைக்கு ஒரே சப்ளையரின் வேறு வேறு பில்கள் ஒரே வடிவத்தில் இருப்பதால், அவற்றை ஒன்று என்று சொல்லிவிடும். ஆகவே படத்தை விட்டுவிட்டு, அதில் எழுதியிருப்பதை ஒப்பிடுவதுதான் வழி.

நான்கு விவரமும் அச்சாக ஒத்துப்போனால் இரட்டைப் பதிவு என்று விதி வைத்தோம். அந்த விதி எளிதானவற்றை மட்டுமே பிடித்தது. ஏன் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு குறிப்பிட்ட பில். அதன் இரண்டு பதிவுகள் இப்படி இருந்தன.

முதல் பதிவில் எண் SB-0518/24, தேதி 04.09.2024, தொகை 48,262.50, சப்ளையராக நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர். இரண்டாவது பதிவில் எண் 5B-O518/24, தேதி 19.09.2024, தொகை 48,263, சப்ளையராக அவர்களுடைய வணிகப் பெயர். நான்கில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வலது ஓரத்தில் பேனாவால் சுழித்த அதே டிக் குறி, அதே மடிப்பு. காகிதம் ஒன்றுதான்.

அன்றைக்கு நான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். "நான்கும் ஒத்துப்போகிறதா?" என்று கேட்பதை விட்டேன். "ஒத்துப்போகாத இடத்துக்கு அந்தக் காகிதத்திலேயே காரணம் இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தேன். இந்த பில்லில் நான்குக்கும் காரணம் இருந்தது.

பெயரிலிருந்து தொடங்குவோம். பில்லின் மேலே பெரிய எழுத்தில் வணிகப் பெயர், கீழே கையெழுத்துக்கு மேல் சட்டப் பெயர். ஒரு படத்தில் மேல் பகுதி வெட்டுப்பட்டிருந்ததால் மென்பொருள் கீழே இருந்ததை எடுத்துக்கொண்டது. எங்கள் சப்ளையர் பட்டியலிலும் இரண்டு பெயருக்கும் தனித்தனிக் கணக்கு யாரோ திறந்து வைத்திருந்தார்கள். பெயரை வைத்து ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தீரவே தீராது. பில்லில் அச்சாகியிருக்கும் வரிப் பதிவு எண்ணையும் பணம் போகும் வங்கிக் கணக்கு எண்ணையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்று ஒத்துப்போனாலே ஒரே சப்ளையர் என்று சேர்த்தேன். மொத்த வேலையில் அதிக பலன் தந்தது இந்தப் படிதான் என்பேன். சப்ளையர் சரியாகச் சேராவிட்டால் மற்ற மூன்றையும் எவ்வளவு நுணுக்கமாக ஒப்பிட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பில்களும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது.

அடுத்து எண். படத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு O என்ற எழுத்தும் 0 என்ற இலக்கமும் ஒன்றாகத் தெரியும். S, 5 இரண்டும் அப்படியே. B, 8 இரண்டும் அப்படியே. I, L, 1 மூன்றும் அப்படியே. அதனால் எண்ணை இருக்கிறபடி வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் தனியாக ஒரு வடிவம் செய்தேன்: எல்லாம் பெரிய எழுத்து, இடைவெளியும் கோடுகளும் நீக்கம், குழப்பும் எழுத்துகளுக்குப் பதிலாக இலக்கம். SB-0518/24, 5B-O518/24 இரண்டும் இப்படிச் செய்தால் 58051824 என்றே வரும். விரிதாளில் முதலில் கோடுகளை நீக்க ஒரு நெடுவரிசை, அதை வைத்து எழுத்துகளை மாற்ற இன்னொன்று:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2)," ",""),"-",""),"/","")
="K"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(F2,"O","0"),"S","5"),"B","8")
```

மற்ற எழுத்துகளுக்கும் இதே போல நீட்டிக்கொள்ளலாம். முன்னால் K ஒட்டியிருப்பது காரணத்தோடுதான். எக்செலில் `COUNTIFS` இலக்கம் மட்டும் உள்ள எழுத்துத் தொடரை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதனால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. நீளமான பில் எண்கள் வேறாக இருந்தும் ஒன்று என்று சொல்லிவிடும். ஓர் எழுத்து முன்னால் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் A நெடுவரிசையில் சேர்த்துவைத்த சப்ளையர் குறியீடு, G நெடுவரிசையில் இந்த எண் என்று வைத்து எண்ணினால் போதும். 1-க்கு மேல் வருவதெல்லாம் பார்க்க வேண்டியவை:

```
=COUNTIFS(A:A,A2,G:G,G2)
```

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஓர் எழுத்து மாறியிருந்தால் கிட்டத்தட்ட ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். பெயர்களுக்கு அது நல்ல முறைதான். பில் எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு சப்ளையர் அடுத்தடுத்துப் போடும் 0521, 0522 என்ற இரண்டு பில்லுக்கும் வித்தியாசமே ஓர் இலக்கம்தான். ஒரே நாளில் ஒரே பொருள் இரண்டு நடையாக வந்திருந்தால் தேதியும் தொகையும்கூட ஒன்றாக இருக்கும். இரண்டும் நியாயமான பில்கள். அதில் ஒன்றைத் தடுத்தால் சப்ளையருக்குச் சேர வேண்டிய பணம் நிற்கும். அதனால் மென்பொருள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் எழுத்துகளை மட்டும் ஒன்றாக்கினேன், மற்ற வேறுபாட்டை வேறுபாடாகவே விட்டேன். 3, 8 இரண்டும் மங்கலான படத்தில் குழம்பக்கூடியவைதான். ஆனாலும் அவற்றை ஒன்றாக்கவில்லை. 0513, 0518 என்று வந்து மற்ற மூன்றும் ஒத்துப்போனால், படத்தைத் திறந்து கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன்.

தொகைக்கு வருவோம். அந்த பில்லில் வரிக்கு முந்தைய தொகை 43,875. வரி 10 சதவீதம், 4,387.50. கூட்டினால் 48,262.50. அதற்குக் கீழே ரவுண்ட் ஆஃப் செய்து 48,263. முதல் படத்தில் மென்பொருள் எடுத்தது மேல் வரி, இரண்டாவதில் எடுத்தது கீழ் வரி. ஆகவே தொகையில் 1 வரை வித்தியாசம் இருந்தால் ஒன்று என்றே கொள்கிறேன். வரிக்கு முந்தைய தொகையைப் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு. அப்படிப்பட்டதைப் பிடிக்க, பெரிய தொகையைச் சிறியதால் வகுத்துப் பார்ப்பேன். வரி விகிதம் அப்படியே விழுந்தால், இந்த பில்லில் 1.10 போல, சந்தேகம் வலுக்கிறது. எண்ணும் சப்ளையரும் ஒத்துப்போய், தொகை மட்டும் இந்த இரண்டு விதத்திலும் பொருந்தாமல் இருந்தால் அவசரப்படுவதில்லை. அது திருத்திக் கொடுத்த பில்லாக இருக்கலாம், ஒரே பில்லின் இரண்டு பக்கங்கள் தனித்தனியாக ஏறியிருக்கலாம், தவணையில் கட்டும் பில்லின் அடுத்த பகுதியாகவும் இருக்கலாம்.

தேதிதான் நான்கில் நம்பிக்கை குறைந்தது. நம் பில்லில் 04.09 என்பது பில் தேதி, 19.09 என்பது பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி. இரண்டாவது படத்தில் மூலை மடிந்து பில் தேதியை மறைத்துவிட்டது, அதனால் மென்பொருள் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. கிடங்கு முத்திரையில் உள்ள தேதியை எடுப்பதும் நடக்கும். 04/09 என்பதை ஏப்ரல் 9 என்று படிப்பதும் நடக்கும். எனவே தேதி ஒத்துப்போகவில்லை என்பதற்காக எந்த ஜோடியையும் நான் விடுவதில்லை. தேதி எனக்கு வேறு ஒரு வேலைக்கு வேண்டியிருக்கிறது. பல சப்ளையர்கள் ஒவ்வொரு கணக்காண்டும் எண்ணை 1-லிருந்து திரும்பத் தொடங்குவார்கள். எண்ணில் ஆண்டைச் சேர்க்காதவர்களாக இருந்தால், போன ஆண்டின் 0518, இந்த ஆண்டின் 0518 இரண்டும் வரும். ஒரு ஆண்டு இடைவெளி தெரிந்தால் அவை வேறு பில்கள். தேதியை அதற்குத்தான் பார்க்கிறேன்.

இப்படிச் சிக்கும் எதையும் மென்பொருள் தானாக நிராகரிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பில் நிறுத்திவைக்கப்படும். இரண்டு படமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வரும். நான் முதலில் பார்ப்பது பேனாக் குறி, முத்திரை விழுந்த கோணம், கிழிசல், மடிப்பு. அவை ஒத்துப்போனால் அதே காகிதம்தான், பேச்சுக்கே இடமில்லை. ஒத்துப்போகாவிட்டால் வேறு பில் என்று ஆகிவிடாது, ஏனென்றால் ஒரே பில்லுக்கு மூலப் பிரதியும் நகலும் இருக்கும், இரண்டையும் ஆளுக்கொருவர் படம் எடுத்திருக்கலாம். அப்போது பொருள் வரிசை, அளவு, விலை எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்க்கிறேன். இன்னும் தெளியாவிட்டால் சப்ளையரிடம் அவர்களுடைய கணக்கு அறிக்கையைக் கேட்டு, அந்த எண்ணில் எத்தனை பில் இருக்கிறது என்று பார்த்துவிடுவேன்.

எண்ணே இல்லாமல் வரும் சிறு பில்கள் மட்டும் இந்த முறைக்கு வசப்படவில்லை. அவற்றில் சப்ளையர், தேதி, தொகையோடு அச்சாகியிருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒப்பிடுகிறேன். நிமிடம் வரை ஒத்துப்போனால் கேட்டுவிடுகிறேன். வெப்பத் தாளில் அச்சான பில்லாக இருந்தால் சில மாதத்தில் அந்த நேரமும் மங்கிவிடும். அதனால் அந்த வகை பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன், தாமதமாக வந்தால் ஏற்றியவரிடம் பேசிய பிறகே பணத்துக்கு அனுப்புகிறேன்.