பேக்டெஸ்ட் ஸ்கிரிப்ட்டைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்த அனுபவம்

பங்குகளை வாங்கி விற்கும் விதிகளைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஒன்றை நண்பர் ஒருவர் பைத்தானில் எழுதியிருந்தார். அதைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். ஸ்கிரிப்ட் பிழைச் செய்தி எதுவுமின்றி ஓடியது. லாபக் கோடும் அழகாக மேலேறியது. ஆனால் பேக்டெஸ்ட்டில் தவறு இருந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடாது, தவறான எண்ணைத் தந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நிரலை வரிவரியாகப் படிப்பதற்கு முன், சில வர்த்தகங்களை நானே தாளில் கணக்கிட்டு, ஸ்கிரிப்ட் தரும் பட்டியலோடு ஒப்பிட முடிவு செய்தேன்.

முதலில் நண்பரிடம் விதிகளை வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். முடிவு விலை 5 நாள் சராசரிக்கு மேலே போனால் மறுநாள் தொடக்க விலையில் வாங்க வேண்டும். சராசரிக்குக் கீழே போனால் மறுநாள் தொடக்கத்தில் விற்க வேண்டும். வாங்கிய விலைக்கு 4% கீழே ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் சிக்னலுக்குக் காத்திராமல் விற்றுவிட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கமிஷன் 0.1%; கையிலுள்ள பணத்துக்கு முழு எண்ணிக்கையில் எத்தனை பங்கு வருமோ அத்தனை. விதிகளை நிரலிலிருந்து எடுத்தால் நிரலில் உள்ள பிழை என் தாளுக்கும் வந்துவிடும் என்பதால்தான் இப்படிச் செய்தேன். அதே காரணத்துக்காக, ஸ்கிரிப்ட் கணக்கிட்டு வைத்திருந்த சராசரிப் பத்தியையும் நான் தொடவில்லை. மூல விலைக் கோப்பிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தேன். கணக்கை முடிக்கும் வரை ஸ்கிரிப்ட்டின் விடையைப் பார்க்கவும் இல்லை. விடை தெரிந்துவிட்டால் கை தன்னையறியாமல் அதை நோக்கியே போகும்.

எந்த வர்த்தகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவனம் தேவை. அமைதியான வர்த்தகங்களையே எடுத்தால் எல்லாம் பொருந்திவிடும். முதல் வர்த்தகம், தரவு முடியும் நாளில் இன்னும் திறந்திருக்கும் வர்த்தகம், விலை ஒரே இரவில் குதித்து ஸ்டாப் லாஸைத் தாண்டித் திறந்த வர்த்தகம் ஆகியவற்றை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதுதான் அதிகம் கற்றுத்தந்தது என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். விலைகளைப் புரிவதற்காக எளிமையாக்கியிருக்கிறேன்.

முதல் ஐந்து நாள்களின் முடிவு விலைகள் 102, 101, 100, 99, 98. ஐந்தாம் நாள் சராசரி 100. விலை அதற்குக் கீழே இருக்கிறது. ஆறாம் நாள் விலை 103-ல் முடிகிறது. கடைசி ஐந்து விலைகளின் கூட்டுத்தொகை 501, சராசரி 100.2, ஆகவே வாங்கும் சிக்னல் கிடைத்துவிட்டது. ஏழாம் நாள் தொடக்க விலை 104. கையில் 1,00,000 இருக்கிறது. கமிஷனோடு ஒரு பங்கின் அடக்கம் 104.104 என்பதால் 960 பங்குகள் வாங்கலாம். பங்குகளுக்கு 99,840, கமிஷன் 99.84, ஆக மொத்தச் செலவு 99,939.84. ஸ்டாப் லாஸ் 99.84. ஏழாம், எட்டாம் நாள்களில் விலை அதைத் தொடவில்லை. விற்கும் சிக்னலும் வரவில்லை. ஒன்பதாம் நாள் சந்தை 97-ல் திறக்கிறது. ஸ்டாப் லாஸ் விலையில் அன்று வாங்குவதற்கு யாருமே இல்லை. கிடைப்பது 97 தான். விற்ற தொகை 93,120, அதில் கமிஷன் 93.12 போக 93,026.88. நஷ்டம் 6,912.96.

இதற்குப் பிறகே ஸ்கிரிப்ட்டின் பட்டியலைத் திறந்தேன். வாங்கிய விலை, எண்ணிக்கை, ஸ்டாப் லாஸ், நஷ்டம் என்று எதுவும் பொருந்தவில்லை. இந்த இடத்தில் எல்லா வேறுபாடுகளையும் ஒரே நேரத்தில் துரத்தக் கூடாது. கணக்கின் வரிசையில் முதலில் மாறுபடும் எண் எதுவோ அதை மட்டும் பார்க்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளாகவே இருக்கும். என் தாளில் வாங்கிய விலை 104, ஸ்கிரிப்ட்டில் 103. இந்த 103 வேறெங்கிருந்தும் வரவில்லை. சிக்னல் தந்த நாளின் முடிவு விலை அது. நிரலில் அந்த இடம் இப்படி இருந்தது:

```python
if qty == 0 and close[i] > ma[i]:
    entry = close[i]
```

எந்த முடிவு விலையை வைத்துச் சிக்னல் கணக்கிடப்படுகிறதோ, அதே விலையில் வாங்கியதாகவும் நிரல் எடுத்துக்கொள்கிறது. அந்த விலை தெரியவரும்போது அன்றைய வர்த்தகம் முடிந்திருக்கும். 969 என்ற எண்ணிக்கையும் 98.88 என்ற ஸ்டாப் லாஸும் இந்த 103-லிருந்து பிறந்தவையே. சிக்னலைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நாளின் தொடக்க விலையில் வாங்கும்படி நண்பர் திருத்தியதும் மூன்று எண்களும் ஒன்றாகச் சரியாயின.

நஷ்டம் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. ஸ்கிரிப்ட் 4,189.29 என்றது; வேறுபாடு 2,723.67. இப்படிப்பட்ட வேறுபாட்டை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது என் வழக்கம், ஏனெனில் காரணம் பெரும்பாலும் ஒரு பங்குக்கான தொகையில் தெரிந்துவிடும். 960-ஆல் வகுத்தால் சுமார் 2.837. ஸ்டாப் லாஸான 99.84-க்கும் திறந்த விலையான 97-க்கும் இடையிலுள்ள 2.84-லிருந்து 0.1% கமிஷனைக் கழித்தால் வருவதும் இதே எண்தான். விலை எங்கே திறந்தாலும் ஸ்டாப் லாஸ் விலையிலேயே விற்றுவிட்டதாக நிரல் எழுதிக்கொண்டிருந்தது என்பது இதனால் உறுதியானது. திருத்தம் சிறியதுதான்:

```python
if qty > 0 and low[i] <= stop:
    exit_price = min(open_[i], stop)
```

இந்தப் பிழை பட்டியலிலேயே ஒரு தடயத்தை விட்டுவைத்திருந்தது. ஸ்டாப் லாஸில் வெளியேறிய வர்த்தகங்கள் அத்தனையும் 4.19% நஷ்டத்தையே காட்டின. உண்மையான சந்தையில் ஸ்டாப் லாஸ் நஷ்டங்கள் இவ்வளவு ஒரே அளவாக இருக்க வாய்ப்பே இல்லை. இப்போது என் கைக்கணக்கு வர்த்தகம் 6.9% நஷ்டம் என்று சரியாகப் பதிவாகிறது. திறந்த விலையிலேயே விற்க முடியும் என்பதும் ஓர் அனுமானம்தான். வேகமாக இறங்கும் சந்தையில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம்.

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு முதல் வர்த்தகம் சிக்கலின்றிப் பொருந்தியது. கடைசித் திறந்த வர்த்தகத்தை ஸ்கிரிப்ட் பட்டியலில் சேர்க்காமலேயே விட்டிருந்தது. இறுதி நாள் விலையில் மதிப்பிட்டுத் தனியாகக் காட்டும்படி மாற்றினோம். ஒப்பிடும்போது 0.01 வரையிலான வேறுபாட்டை மட்டும் தசம ரவுண்டிங் என்று விட்டேன். அதைவிடப் பெரிய எதற்கும் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும், ஏனெனில் கமிஷனை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்திருந்தால்கூட ஒரு வர்த்தகத்தில் அது சிறிய தொகையாகவே தெரியும்.

இந்த முறை விதிகளும் நிரலும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே சொல்லும். தாளும் ஸ்கிரிப்ட்டும் ஒரே விலைக் கோப்பைப் படிப்பதால், பங்குப் பிரிப்புக்குச் சரிசெய்யப்படாத விலை அதில் இருந்தால் இரண்டும் ஒரே தவறான விடையில் அழகாகப் பொருந்தும். அதனால் தேர்ந்தெடுத்த நாள்களின் விலைகளை வேறொரு மூலத்தோடும் ஒப்பிட்டேன்.

கையால் கணக்கிட்ட எண்களை அப்படியே ஸ்கிரிப்ட்டின் சோதனைக் கோப்பில் சேர்த்துவிட்டோம்:

```python
assert round(trade["pnl"], 2) == -6912.96
```

நண்பர் இனி விதியை மாற்றினால், இந்த வரி தோற்கும்போது எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிடாமல், தாளை எடுத்து அந்த வர்த்தகத்தை மறுபடியும் கையால் கணக்கிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.