1,386 பேர் இருந்த டெலிகிராம் சேனலை அழித்த கதை

குரூப் 4 தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்காக எழுதிய குறிப்புகளைப் போட்டு வைக்க ஒரு டெலிகிராம் சேனல் தொடங்கினேன். பெரிதாக வளரும் என்று நினைக்கவில்லை. போன மாதம் அதை அழிக்க உட்கார்ந்தபோது 1,386 பேர் இருந்தார்கள். பாதிக் குறிப்புகள் பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. புதுப்பிக்க எனக்கு நேரம் இல்லை. அதை நம்பி யாராவது தேர்வெழுதி மதிப்பெண் இழந்தால் என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த முடிவு.

அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கணினியில் எடுத்து வைத்தேன். டெலிகிராம் டெஸ்க்டாப்பில் சேனலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் Export chat history வரும். கைபேசிச் செயலியில் இது கிடையாது. படங்கள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன், ஓடவிட்டேன், முடிந்தது. அங்கேதான் தப்பு நடந்தது, ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த நாள் சேனல் பெயரைத் தட்டி, பென்சில் குறியைத் தட்டி, அடியில் சிவப்பாக இருந்த Delete Channel-ஐ அழுத்தினேன். அழியவில்லை. ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருக்கும் சேனலை உரிமையாளரே இப்படி நேரடியாக அழிக்க முடியாது என்று வந்தது. ஐந்து வருடமாக நடத்துகிறேன், இப்படி ஒரு வரம்பு இருப்பதே அன்றுதான் தெரியும்.

சரி, ஆட்களைக் குறைத்தால் ஆயிற்று என்று உட்கார்ந்தேன். சேனலில் எத்தனை பேர் இருந்தாலும், அட்மினுக்குக் காட்டப்படும் பட்டியலில் 200 பேர்தான் தெரிவார்கள். ஒவ்வொருவராக நீக்க வேண்டும், மொத்தமாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கொஞ்சம் பேரை நீக்கிவிட்டு வெளியே போய்த் திரும்பத் திறந்தால் பட்டியலில் மறுபடி ஆட்கள் நிரம்பியிருப்பார்கள். நாற்பது பேரை நீக்கிய பிறகு எண்ணிக்கையைப் பார்த்தால் முப்பத்தேழுதான் குறைந்திருந்தது. அந்த நேரத்துக்குள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்! உடனே சேனலைத் தனிப்பட்டதாக மாற்றினேன். பொது லிங்க் போய்விடும், ஆனால் ஏற்கெனவே இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் என் தனிச் செய்திப் பெட்டி நிரம்பத் தொடங்கிவிட்டது. சேனல் விவரத்தில் என் பயனர் பெயரைப் போட்டிருந்தேன், அதைப் பார்த்து வைத்திருந்தவர்கள் எழுதினார்கள். ஒரு தங்கை எழுதியிருந்தது இன்னும் மனதில் நிற்கிறது: "அண்ணா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? என்னை மட்டும் எடுத்துட்டீங்க." அவள் அந்தச் சேனலில் ஒரு வார்த்தைகூட எழுதியவள் இல்லை, யாராலும் எழுதவும் முடியாது. ஒருவரை நீக்கினால் அவருக்கு எந்தக் காரணமும் போகாது. அரட்டைப் பட்டியலில் இருந்து சேனல் காணாமல் போகும், அவ்வளவுதான். போதாததற்கு அவர் பெயர் நீக்கப்பட்டோர் பட்டியலில் ஏறிவிடும், நாம் எடுத்துவிடும் வரை திரும்பச் சேரவும் முடியாது. அவர் பக்கம் இருந்து பார்த்தால் நம்மைத் துரத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிப்பு போட்டு Pin செய்திருந்தேன். ஆனால் பாதிப் பேர் சேனலை மியூட்டில் வைத்திருப்பார்கள், யார் பார்த்தார்கள்? அன்று இரவு எழுதிய எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பதில் போட்டேன்.

ஆயிரத்துக்குக் கீழே வந்ததும் மறுபடி Delete Channel. இந்த முறை அழிந்தது.

சந்தாதாரர் பக்கம் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்காகவே அக்காவின் கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டியலில் சேனல் இருந்த இடமே காலி. "இந்தச் சேனல் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பழைய பதிவுகளும் போயின. ஒருவரை நீக்கினாலும் சேனலையே அழித்தாலும் அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பொது லிங்க்கைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்திருந்தேன். சேனலைத் தனிப்பட்டதாக மாற்றிய கையோடு அதே பயனர் பெயரை ஒரு புதிய, சின்னச் சேனலுக்கு வைத்தேன். அதில் ஒரே ஒரு பதிவு: பழைய சேனல் மூடப்பட்டது, காரணம் இது, குறிப்புகள் தேவைப்பட்டால் இங்கே எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பெயர் யாரிடமும் இல்லாமல் கிடக்கும். வேறொருவர் அதை எடுத்துக்கொண்டு காசு கேட்டால்கூட நம் பழைய லிங்க் அவரிடம்தான் ஆளைக் கொண்டுபோய் விடும். இந்த முழு வேலையில் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் இது ஒன்றுதான், இதில் எனக்கு நிம்மதி.

சேனலோடு இணைத்திருந்த விவாதக் குழுவும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை. அது தனிக் குழு, இணைப்பு அறுந்ததே தவிர ஆட்களோடு அப்படியே இருந்தது. நீக்கப்பட்டவர்களில் பலர் அங்கே இருந்ததால் விஷயத்தை விளக்க அதுவே உதவியது.

இனி அந்தத் தப்பு. இரண்டு நாள் கழித்து ஒரு பையன் இந்திய ஆட்சியியல் பிடிஎஃப் கேட்டான். எடுத்து வைத்திருந்ததைத் திறந்தேன். பதிவு இருக்கிறது, கோப்பின் பெயர் இருக்கிறது, அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி:

```
Not included, change data exporting settings to download.
```

நெஞ்சு திக்கென்றது. ஏற்றுமதிப் பெட்டியில் டிக்குகளுக்குக் கீழே கோப்பு அளவு வரம்பு ஒன்று இருக்கிறது. அது 8 எம்பியில் நின்றிருக்கிறது. நான் அதை நகர்த்தவே இல்லை. கையால் எழுதி ஸ்கேன் செய்த என் குறிப்புகள் எல்லாம் 15, 20 எம்பி. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 31 கோப்புகள் இல்லை. சேனலை அழித்த பிறகு திரும்ப எடுக்க வழி கிடையாது. நீங்கள் அழிக்கப் போகிறீர்கள் என்றால், ஏற்றுமதி முடிந்ததும் அந்த எச்டிஎம்எல் பக்கங்களில் Not included என்று தேடுங்கள். ஒன்றுகூட வராத பிறகு அழியுங்கள்.

விவாதக் குழுவில் நிலைமையைச் சொன்னேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. சேனலில் இருந்து வேறு குழுவுக்கோ தங்கள் Saved Messages-க்கோ யாராவது ஃபார்வர்டு செய்திருந்தால் அந்தப் பிரதி அழியவில்லை. மேலே என் சேனலின் பெயர் அப்படியே நிற்கிறது, பெயரைத் தட்டினால் உள்ளே போக முடியாது, ஆனால் கோப்பு தரவிறங்குகிறது. ஒரு படிப்புக் குழுவில் இருந்து மட்டும் 22 கோப்புகள் கிடைத்தன. கைபேசியில் தனியாகச் சேமித்து வைத்திருந்தவர்கள் இன்னும் ஐந்து அனுப்பினார்கள். சேனலில் திறந்து படித்ததோடு விட்டவர்களிடம் எதுவும் இல்லை.

"என்னை மட்டும் எடுத்துட்டீங்க" என்று கேட்ட அந்தத் தங்கைதான் ஐந்தில் மூன்றை அனுப்பியவள். மீதி நான்கும் தமிழக வரலாற்றுக் குறிப்புகள். இன்னும் கிடைக்கவில்லை. புதிய சேனலில் அந்த நான்கின் பெயர்களையும் எழுதி Pin செய்து வைத்திருக்கிறேன்.