ஒரே பத்தியில் சென்ட், ஏக்கர், ஹெக்டேர்: ஊர்வாரிப் பரப்பைக் கூட்டிய கதை

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர்களின் நிலப்பரப்பை ஊர்வாரியாகக் கூட்டித் தரும் வேலை என்னிடம் வந்தது. எக்செல் கோப்பில் ‘பரப்பு’ என்று ஒரே பத்தி. பத்திரம் பார்த்துச் சொன்னவர்கள் ஏக்கர், சென்டில் சொல்லியிருந்தார்கள். பட்டா கொடுத்தவர்களுக்கு அதிலிருந்த ஹெக்டேர், ஏர் அப்படியே பதிவாகியிருந்தது.

ஒரு ஊரின் நான்கு வரிசைகள் இப்படி இருந்தன: 1.20, 45, 0.40.5, 1.5. நேராகக் கூட்டினால் 47.7 வருகிறது. இரண்டு புள்ளி வைத்த 0.40.5-ஐ எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, SUM-இல் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. வேறொரு ஊரின் மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. யாரோ 1 ஏக்கர் 35 சென்டை 1-35 என்று அடிக்க, அது 1935 ஜனவரியாக மாறி, உள்ளே 12785 என்ற எண்ணாக உட்கார்ந்திருந்தது. இது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 1.5 தான் ஆபத்து. ஒரு ஏக்கர் ஐந்து சென்டா, ஒன்றரை ஏக்கரா?

அதனால் பழைய பத்தியைத் தொடாமல் வைத்துவிட்டு, பக்கத்தில் மூன்று பத்திகள் போட்டேன். C-இல் ஏக்கர் அல்லது ஹெக்டேர், D-இல் சென்ட் அல்லது ஏர், E-இல் அலகு. ஏக்கருக்கு 100 சென்ட், ஹெக்டேருக்கு 100 ஏர் என்பதால் ஒரே சூத்திரம் போதும். ஒரு ஏர் என்பது 2.471 சென்ட்.

```
=(C2*100+D2)*IF(E2="H",2.471,1)
```

வெறும் 45 சென்ட் என்றால் C-இல் 0, D-இல் 45, E-இல் A. புள்ளி போட்டு எழுதும் குழப்பமே இல்லை.

அலகு தெரியாத வரிசைகளுக்குப் புல எண்ணும் உட்பிரிவும் வைத்து இணையத்தில் பட்டாவைப் பார்த்தேன். அதில் பரப்பு ஹெக்டேர், ஏரில்தான் இருக்கும். அங்கே 0 – 42.50 என்று இருந்தால் சென்டில் 105. அப்போது நம் 1.5 ஒரு ஏக்கர் ஐந்து சென்ட் என்று முடிவாகிறது. பட்டியலில் 0.45 இருந்து, பட்டாவிலும் 45 ஏர் இருந்தால், அது சென்ட் இல்லை, ஏர். சென்டாக எண்ணினால் நிலம் பாதிக்கும் கீழே போய்விடும். இந்தச் சரிபார்ப்புக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அந்த நான்கு வரிசைகள் கடைசியில் 120, 45, 100, 105 என்று ஆகி, 370 சென்ட் வந்தது. அதாவது 3 ஏக்கர் 70 சென்ட். அப்புறம் SUMIF-ஆல் ஊர்வாரியாகக் கூட்டி, மொத்தத்தை மட்டும் ஹெக்டேராக்கினேன். வரிசைதோறும் முழுமையாக்கினால் பெரிய ஊர்களில் சில சென்ட் நழுவுகிறது. புல எண்ணே இல்லாத வரிசைகளை எந்த ஊரிலும் சேர்க்காமல் தனித் தாளில் வைத்து, உறுப்பினர்களிடம் பட்டா நகல் கேட்டிருக்கிறேன்.